ஒரு கேள்விக்கு ஒரு திறன், ஒரே பொருள்: தேர்வு வினா எழுதும் முறை, படிப்படியாக

வினாத்தாள் எழுத உட்காரும் புதியவர்கள் பெரும்பாலும் கேள்வியை முதலில் எழுதிவிடுகிறார்கள். விடைக்குறிப்பு கடைசியில், அவசரத்தில் தயாராகிறது. சிக்கல் அப்போதுதான் தெரியவரும், ஆனால் தாள் அதற்குள் அச்சுக்குப் போயிருக்கும். இந்த வழிகாட்டி அதைத் தலைகீழாகச் செய்யச் சொல்கிறது: திறன் முதலில், விடை அடுத்து, சூழல் அதற்கடுத்து, கேள்வி வாக்கியம் கடைசியில்.

ஒரே ஒரு வினாவை எடுத்துக்கொண்டு கடைசிவரை போவோம். நடுநிலை வகுப்பு அறிவியல் தாளில் வரக்கூடிய ஒரு வரைவு இது:

> ஈரத்துணி ஏன் காய்கிறது? அதைப் பாதிக்கும் காரணிகளைச் சோதனையுடன் விவரி. (5 மதிப்பெண்)

பார்க்கக் குறையில்லாத கேள்வி போலத்தான் இருக்கிறது. எங்கே கோணல் என்று போகப் போகப் பார்க்கலாம்.

## 1. எழுதத் தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

மூன்று விஷயங்கள் போதும். ஒன்று, இந்தத் தேர்வுக்கு முன் மாணவர்களுக்கு உண்மையில் என்னென்ன நடத்தப்பட்டது என்ற பட்டியல். பாடநூலின் உள்ளடக்கப் பக்கம் இதற்கு ஈடாகாது. வகுப்பில் அட்டவணை படிக்கச் சொல்லித் தந்தீர்களா, 'காரணி' என்ற சொல் அவர்களுக்குப் பழக்கமா என்பதெல்லாம் அந்தப் பக்கத்தில் இருக்காது.

இரண்டு, வினாத்தாள் வடிவமைப்பு. இந்த வினா எந்தப் பகுதிக்கு, எத்தனை மதிப்பெண்ணுக்கு, எத்தனை நிமிடத்துக்கு என்பது முன்பே முடிவாகியிருக்க வேண்டும். மூன்று, முந்தைய தேர்வில் மாணவர்கள் எழுதிய தவறான விடைகள் கொஞ்சம். பலவுள் தெரிவு வினாவுக்குத் தவறான தெரிவுகள் எழுதும்போது இவைதான் கைகொடுக்கும். யோசித்துப் பிடிக்கும் தவறுகள் பெரும்பாலும் யாரும் செய்யாத தவறுகளாகவே இருக்கும்.

## 2. திறனை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

வாக்கியம் இந்த அச்சில் இருக்கட்டும்: 'இதைக் கொடுத்தால், மாணவர் இதைச் செய்வார்.' செய்வதை நாம் தாளில் கண்ணால் பார்க்க முடிய வேண்டும். 'ஆவியாதலைப் புரிந்துகொள்வார்' என்று எழுதினால் அதைத் திருத்த முடியாது, ஏனென்றால் புரிதல் தாளில் தெரியாது. தேர்ந்தெடுப்பது, கணக்கிடுவது, வரிசைப்படுத்துவது, காரணத்தைச் சொல்வது போன்றவை தெரியும்.

நம் வரைவுக்கு இதைச் செய்து பார்த்தால் ஒன்றல்ல, நான்கு வாக்கியங்கள் வருகின்றன. ஆவியாதல் எப்படி நடக்கிறது என்று சொல்வார். ஆவியாதலைப் பாதிக்கும் காரணிகளை நினைவிலிருந்து எழுதுவார். ஒரு காரணியைச் சோதிக்கத் தகுந்த சோதனையை அமைப்பார். அதை ஒழுங்காக எழுதி விவரிப்பார். 5-க்கு 2 வாங்கிய மாணவருக்கு இவற்றில் எது வரவில்லை என்று அந்த 2-ஐப் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரு திறனுக்கு ஒரு கேள்வி என்று வற்புறுத்துவதற்கு இதுவே காரணம்.

இந்த நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறேன்: 'பல சோதனை அமைப்புகளைக் கொடுத்தால், ஒரு காரணியின் விளைவை அறிய எந்த இரண்டை ஒப்பிட வேண்டும் என்று தேர்ந்தெடுப்பார்.' மற்ற மூன்றும் முக்கியம் என்றால் அவற்றுக்குத் தனித்தனிக் கேள்விகள் எழுதலாம். ஒன்றின் விடையைச் சார்ந்து அடுத்தது இருக்கக் கூடாது, அவ்வளவுதான். (அ)-வில் வந்த விடையை வைத்து (ஆ)-வைச் செய் என்றால், (அ)-வில் தவறியவர் (ஆ)-வில் தன் திறமையைக் காட்ட வாய்ப்பே கிடைக்காது. சார்பு தவிர்க்க முடியாததாக இருந்தால், (ஆ)-வின் தொடக்கத்திலேயே ஒரு மதிப்பைக் கொடுத்து அதிலிருந்து தொடரச் சொல்லுங்கள்.

இந்தப் படியில் அதிகம் பார்க்கும் தவறு 'மற்றும்'. திறன் வாக்கியத்தில் 'மற்றும்' வந்தால் அங்கேயே வெட்டுங்கள்.

## 3. விடையையும் மதிப்பெண் விதியையும் இப்போதே எழுதுங்கள்

கேள்வி இன்னும் பிறக்கவில்லை. பரவாயில்லை. எந்த விடைக்கு மதிப்பெண், எதற்கு இல்லை, எது எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று மூன்று வரி எழுதிவிடுங்கள். நம் வினாவுக்குத் துணியை விரிப்பதா மடிப்பதா என்பதைக் காரணியாக எடுத்துக்கொள்வோம்: 'விரித்தது, மடித்தது என்ற ஒன்றில் மட்டும் வேறுபட்டு, மற்ற எல்லாவற்றிலும் ஒத்திருக்கும் இணையைத் தேர்ந்தால் 1. வேறு எந்த இணைக்கும் 0.' எல்லைக்கோட்டு விடை எதுவும் இல்லை, நல்லது.

முதல் வரைவுக்கு இதைச் செய்ய முயன்றால் உடனே தடுமாறுவீர்கள். 'வெயில், காற்று' என்று மட்டும் எழுதினால் எத்தனை மதிப்பெண்? 'சோதனையுடன்' என்றால் ஒரு காரணிக்கா, எல்லாவற்றுக்குமா? இரண்டு ஆசிரியர்கள் இரண்டு விதமாகத் திருத்துவார்கள். விடைக்குறிப்பில் 'பொருத்தமான விடைக்கு மதிப்பெண் வழங்கலாம்' என்று எழுதும் ஆசை வந்தால், கேள்வி இன்னும் முடியவில்லை என்று அர்த்தம்.

## 4. சூழலை அமையுங்கள்: தேவையானது எல்லாம், தேவையில்லாதது எதுவும் வேண்டாம்

சூழல் என்பது மாணவர் கையில் நாம் கொடுக்கும் தகவல். புதியவர்கள் பலர் முதலில் எழுதுவது இப்படி: 'ஒரு துணி நிழலில் விரித்துப் போடப்பட்டது. இன்னொன்று வெயிலில் மடித்துப் போடப்பட்டது. எது முதலில் காயும்?' இதற்கு விடை கிடையாது. விரித்தது சீக்கிரம் காயும், வெயிலும் சீக்கிரம் காயவைக்கும். இரண்டும் எதிரெதிராக இழுக்கின்றன. எத்தனை மடிப்பு, எவ்வளவு வெயில் என்று தெரியாமல் யாரும் சொல்ல முடியாது. நன்றாக யோசிக்கும் மாணவர் இங்கே மாட்டிக்கொள்வார், 'வெயில்' என்று யோசிக்காமல் எழுதியவர் மதிப்பெண் வாங்கிப் போவார்.

நம் திறனுக்கு ஏற்ற சூழல் இது:

| துண்டு | விதம் | இடம் | மின்விசிறி |
|---|---|---|---|
| 1 | விரித்தது | வெயில் | இல்லை |
| 2 | விரித்தது | நிழல் | இல்லை |
| 3 | மடித்தது | வெயில் | இல்லை |
| 4 | மடித்தது | நிழல் | உண்டு |

இப்போது கட்டாயம் செய்ய வேண்டிய சரிபார்ப்பு ஒன்று. நான்கு துண்டுகளில் மொத்தம் 6 இணைகள் உண்டு. ஆறையும் எழுதிப் பாருங்கள். 1-3 விதத்தில் மட்டும் வேறுபடுகிறது. 1-2 இடத்தில் மட்டும். 2-4 விதத்திலும் மின்விசிறியிலும். 2-3 விதத்திலும் இடத்திலும். 3-4 இடத்திலும் மின்விசிறியிலும். 1-4 மூன்றிலும். ஆக, நம் விதிக்குப் பொருந்துவது 1-3 ஒன்றே. நான்காவது துண்டுக்கு மின்விசிறி இல்லை என்று மாற்றினால் 2-4 இணையும் சரியாகிவிடும், கேள்விக்கு இரண்டு விடை வந்துவிடும். ஒரு கட்டத்தில் உள்ள ஒரு சொல்தான் இந்த வித்தியாசத்தைச் செய்கிறது, அதனால்தான் கண்ணால் ஓட்டிப் பார்த்துவிட்டு 'சரி' என்று போகக் கூடாது.

அட்டவணையில் இல்லாதவையும் சமம் என்று சொல்ல வேண்டும்: ஒரே வகைத் துணி, ஒரே அளவு, சமமான நனைவு, ஒரே நேரத்தில் தொடக்கம். இல்லாவிட்டால் 'மூன்றாவது துண்டு பெரியதாக இருந்தால்?' என்று கேட்கும் மாணவர் நியாயமாகவே கேட்கிறார். ஆனால் 'ஒவ்வொன்றும் 20 மில்லிலிட்டர் நீரில்' என்று எண் போடாதீர்கள். எண்ணைக் கண்டால் எதையாவது கணக்கிட வேண்டும் என்று நினைக்கிற மாணவர்கள் நிறையப் பேர்.

அட்டவணை படிப்பதும் ஒரு திறன்தானே என்று கேட்கலாம். ஆமாம். துணைத் திறன்களே இல்லாத கேள்வியை எழுத முடியாது. துணைத் திறன் எல்லா மாணவருக்கும் ஏற்கெனவே எளிதாக இருந்தால் போதும். அதற்குத்தான் முதல் படியில் 'என்ன நடத்தப்பட்டது' பட்டியல் கேட்டேன். இதே காரணத்துக்காகக் கணக்கு வினாவில் வழிமுறையைச் சோதிப்பதானால் எண்கள் எளிதாக இருக்கட்டும். 17.3 சதவீதம் வேண்டாம், 20 போதும்.

## 5. கேள்வி வாக்கியம்: வினைச்சொல்லைச் சரியாகப் பிடியுங்கள்

'பற்றி எழுதுக', 'விவரி', 'குறிப்பு வரைக' மூன்றும் மாணவரிடம் என்ன செய்யச் சொல்கின்றன என்று கேட்டால் பதில் சொல்வது கடினம். எங்கே நிறுத்துவது என்று அவை சொல்வதில்லை. அவற்றுக்குப் பதில் 'இரண்டைக் குறிப்பிடுக', 'காரணத்தை ஒரு வாக்கியத்தில் எழுதுக', 'கணக்கிடுக' என்று செயலும் அளவும் சேர்ந்து வரட்டும்.

'ஏன்' என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். 'விரித்த துணி முதலில் காய்ந்தது ஏன்?' என்றால் 'விரித்துப் போட்டதால்' என்பது தவறில்லாத விடை. நமக்கு வேண்டியதோ காற்றுபடும் பரப்பு. அப்படியானால் அதைக் கேட்க வேண்டும்: 'விரித்துப் போடுவது நீர் ஆவியாவதை எப்படி வேகப்படுத்துகிறது?'

நம் வினாவின் முழு வடிவம் இதோ:

> ஒரே வகைத் துணியிலிருந்து ஒரே அளவில் வெட்டிய நான்கு துண்டுகள் சமமாக நனைக்கப்பட்டு, ஒரே நேரத்தில் காயப்போடப்பட்டன. ஒவ்வொன்றும் காயப்போடப்பட்ட முறை அட்டவணையில் உள்ளது. துணியை விரிப்பதும் மடிப்பதும் அது காய எடுக்கும் நேரத்தை மாற்றுகிறதா என்று அறிய, எந்த இரண்டு துண்டுகளின் நேரங்களை ஒப்பிட வேண்டும்? (1 மதிப்பெண்)

'விளைவை மட்டும் அறிய' என்று எழுதலாமா என்று யோசித்தேன். பொருள் இன்னும் இறுகும், உண்மைதான். ஆனால் 'மட்டும்' என்பது, ஒன்று மட்டும் மாற வேண்டும் என்ற விதியையே காதில் சொல்லிவிடுகிறது, அதுதான் நாம் சோதிக்கும் திறன். அது இல்லாமலே விடை ஒன்றாக இருப்பதால் விட்டுவிட்டேன். தெளிவுக்காகச் சேர்க்கும் ஒவ்வொரு சொல்லும் விடையைக் காட்டிக்கொடுக்கிறதா என்று இப்படிக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

## 6. இரண்டாவது பொருளைத் தேடுங்கள்

எழுதியவர் கண்ணுக்கு இரண்டாவது பொருள் தெரியாது, ஏனென்றால் மனத்தில் முதல் பொருள் உட்கார்ந்திருக்கிறது. அதனால் பொதுவாக 'தெளிவாக இருக்கிறதா' என்று பார்ப்பதில் பயனில்லை. தமிழில் அடிக்கடி வழுக்கும் இடங்களைத் தெரிந்துகொண்டு, ஒவ்வொன்றாகத் தேட வேண்டும்.

எல்லா... இல்லை. 'எல்லா உலோகங்களும் காந்தத்தால் ஈர்க்கப்படுவதில்லை. சரியா, தவறா?' எந்த உலோகமும் ஈர்க்கப்படுவதில்லை என்று படித்தால் தவறு, இரும்பு இருக்கிறதே. சில உலோகங்கள் ஈர்க்கப்படுவதில்லை என்று படித்தால் சரி, செம்பு இருக்கிறதே. இரண்டு வாசிப்பும் இயல்பானவை. 'உலோகங்களில் சில மட்டுமே' என்றோ 'எந்த உலோகமும்' என்றோ எழுதிவிடுங்கள்.

அது, அதன், அதை. 'கரைசலில் உப்பைச் சேர்த்தபின் அதன் எடையைக் காண்க.' கரைசலின் எடையா, உப்பின் எடையா? முன்னால் இரண்டு பெயர்ச்சொற்கள் இருந்தால் சுட்டுப்பெயரை எடுத்துவிட்டுப் பெயரையே திரும்ப எழுதுங்கள். கட்டுரையில் கூறியது கூறல் குற்றமாக இருக்கலாம், வினாத்தாளில் இல்லை. நம் முதல் வரைவின் 'அதைப் பாதிக்கும்' என்பதும் இந்த வகைதான்: துணி காய்வதையா, துணியையா?

சொல்லாமல் விட்ட எழுவாய். 'கவிதா மீனாவுக்கு 5 பேனா கொடுத்தாள். பிறகு 2 உடைந்தன. மீதம் எத்தனை?' யாருடைய பேனா உடைந்தது, யாரிடம் மீதம்? பேச்சில் எழுவாயை விட்டுவிடுவது நமக்குப் பழக்கம், கேட்பவர் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வார். தாளில் அந்த வசதி இல்லை.

இடையே, முதல், வரை. '10-க்கும் 20-க்கும் இடையே எத்தனை முழு எண்கள்?' 9 என்பாரும் உண்டு, 11 என்பாரும் உண்டு. இதில் ஒரு கண்ணாமூச்சி இருக்கிறது. இதே வாக்கியத்தில் 'பகா எண்கள்' என்று கேட்டால் எப்படிப் படித்தாலும் 11, 13, 17, 19 என நான்குதான், ஏனென்றால் 10-உம் 20-உம் பகா எண்கள் இல்லை. அப்படிப் பிழையில்லாமல் ஓடிய வாக்கியத்தை அடுத்த ஆண்டு ஒருவர் எண்ணை மாற்றி, '11-க்கும் 19-க்கும் இடையே' என்று எடுத்தாளுவார். அப்போது விடை இரண்டா நான்கா என்று சண்டை வரும். எல்லை எண்கள் சேருமா சேராதா என்று வாக்கியத்திலேயே எழுதுவது நல்லது.

மடங்கும் சதவீதமும். '5-ஐ விட 3 மடங்கு அதிகம்' என்பது 15-ஆ 20-ஆ? '5-இன் 3 மடங்கு' என்றால் சண்டையில்லை. தேர்ச்சி 40 சதவீதத்திலிருந்து 50 சதவீதமானால் உயர்வு 10-ஆ, 25-ஆ? எதை அடிப்படையாக வைத்துக் கணக்கிட வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். அந்த அடிப்படையைக் கண்டுபிடிப்பதே சோதிக்கும் திறன் என்றால், சூழல் அதைச் சந்தேகமில்லாமல் காட்ட வேண்டும்.

## 7. தெரிவுகள் எழுதுவதானால்

நம் வினாவைப் பலவுள் தெரிவாக வைத்தால் தெரிவுகள் இப்படி: (அ) 1, 2 (ஆ) 1, 3 (இ) 1, 4 (ஈ) 2, 4. ஒவ்வொரு தவறும் ஒரு குறிப்பிட்ட எண்ணத்திலிருந்து வருகிறது. (அ) எழுதியவருக்கு ஒன்றை மட்டும் மாற்றும் விதி தெரியும், எந்தக் காரணி என்பதில் தவறியிருக்கிறார். (இ) எழுதியவர் வேறுபாடு எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது என்று நினைக்கிறார். (ஈ) எழுதியவர் இடத்தைச் சமன்செய்தார், மின்விசிறியை மறந்துவிட்டார். திருத்தி முடித்ததும் எதை மறுபடி நடத்த வேண்டும் என்று, எந்தத் தெரிவை எத்தனை பேர் எழுதினார்கள் என்ற எண்ணிக்கையே சொல்லிவிடும்.

துண்டுகளுக்கு எண், தெரிவுகளுக்கு எழுத்து என்று வைத்ததும் காரணத்தோடுதான். துண்டுகளுக்கும் அ, ஆ, இ, ஈ என்று பெயரிட்டால் 'ஆ' என்று எழுதியவர் துண்டைச் சொன்னாரா, தெரிவைச் சொன்னாரா என்று தெரியாது.

'மேற்கண்ட அனைத்தும்' வேண்டாம். இரண்டு தெரிவுகள் சரி என்று தெரிந்தாலே மூன்றாவதைப் படிக்காமல் அதைக் குறித்துவிடலாம். 'எது சரியல்ல?' என்ற எதிர்மறைக் கேள்வியையும் முடிந்தவரை தவிர்க்கலாம். விடை தெரிந்தவரே அவசரத்தில் 'அல்ல'வைத் தாண்டிப் போய்விடுகிறார், அது கவனத்தைச் சோதிக்கிறதே தவிர அறிவியலை அல்ல. சரியான தெரிவு மற்றவற்றைவிட நீளமாக இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள், பெரும்பாலும் இருக்கும்.

## 8. விடைக்குறிப்பைக் காட்டாமல் இன்னொருவரைச் செய்ய வையுங்கள்

'இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்' என்று கொடுத்தால் எழுத்துப்பிழை மட்டும் திரும்பி வரும். வினாவை மட்டும் கொடுத்து, விடை எழுதித் தரச் சொல்லுங்கள். அவர் விடை உங்கள் குறிப்போடு ஒத்துப்போகவில்லை என்றால், வாக்கியத்தை விளக்கத் தொடங்காதீர்கள். உங்கள் விளக்கத்தில் வரும் சொல்தான் கேள்வியில் இல்லாத சொல், அதை அங்கே எழுதுங்கள்.

அந்தப் பாடம் நடத்தாத ஒருவரிடமும் ஒருமுறை கொடுப்பது நல்லது. அவருக்கு விடை தெரியாது. ஆனால் 'இங்கே என்ன கேட்கிறார்கள்?' என்று தன் சொற்களில் சொல்ல முடிய வேண்டும். அவர் பாடத்தைப் படிக்காமலே சரியான தெரிவைக் குறித்துவிட்டால், நம் வாக்கியம் எங்கோ விடையைக் கசியவிடுகிறது.

## 9. தேர்வுக்குப் பின்: விடைத்தாள் சொல்வதைக் கேளுங்கள்

திருத்தி முடித்ததும் மொத்த மதிப்பெண்ணில் மேலே உள்ளவர்கள் கால் பங்கு, கீழே உள்ளவர்கள் கால் பங்கு என்று தாள்களைப் பிரித்து, இந்த வினாவில் எந்தக் குழுவில் எத்தனை பேர் சரி என்று எண்ணுங்கள். இரண்டு குழுவிலும் பலர் தவறினால் வினா கடினமாக இருக்கலாம், பாடம் சரியாகப் போய்ச் சேராமலும் இருக்கலாம். மேல் குழுவில் கீழ்க் குழுவைவிட அதிகம் பேர் தவறியிருந்தால் விடைக்குறிப்பை முதலில் சந்தேகப்படுங்கள், அடுத்து வாக்கியத்தை. மேல் குழுவினரின் தவறுகள் எல்லாம் ஒரே தெரிவில் குவிந்திருந்தால், அந்தத் தெரிவை நியாயமாக்கும் இரண்டாவது வாசிப்பு ஒன்று அங்கே இருக்க வாய்ப்பு அதிகம். வகுப்பில் 30 பேர்தான் என்றால் கால் பங்குக்கு ஏழெட்டுத் தாள்கள் மட்டுமே தேறும், ஓரிரு பேர் வித்தியாசத்தை வைத்து முடிவு கட்ட முடியாது. தாளை எழுதிய மாணவரைக் கூப்பிட்டு எப்படிப் படித்தார் என்று கேட்பதே அப்போது வேகமான வழி.

இரண்டாவது வாசிப்பு நியாயமானது என்று தெரிந்தால் இரண்டு விடைகளுக்கும் மதிப்பெண் கொடுங்கள். ஏற்கெனவே திருத்திய தாள்களையும் சேர்த்து மாற்ற வேண்டும். பிறகு வாக்கியத்தைத் திருத்தி வினா வங்கியில் வைக்கும்போது, பழைய வாக்கியத்தையும் மாணவர் அதைப் படித்த விதத்தையும் அதன் கீழேயே இரண்டு வரியில் குறித்து வையுங்கள். அந்தக் குறிப்பு இல்லையென்றால், அடுத்து அந்த வினாவை எடுப்பவர் நீளமாக இருக்கிறதே என்று நீங்கள் சேர்த்த சொல்லைத்தான் முதலில் வெட்டுவார்.